திருப்பதி வானில் வெண்கோடுகள்

மேகமற்ற மாலைப்பொழுதில் சேஷாசலக் குன்றுகளுக்கு மேலே உயரப் பறக்கும் ஆகாய விமானங்களைச் சற்று நேரம் நோக்குவோர் ஒரு விசித்திரத்தைக் காண்பர். ஒரு விமானம் தன் பின்னே வெண்ணிறக் கோடு ஒன்றை வரைந்துகொண்டே செல்லும். கால் மணி நேரம் கழித்து ஏறத்தாழ அதே திசையில் வரும் மற்றொன்று எவ்விதத் தடமும் இன்றிக் கடந்துவிடும். சில நாட்களில் அக்கோடு விமானத்தின் வால் போலக் குறுகி, தோன்றிய வேகத்திலேயே மறையும். வேறு சில நாட்களில் அது மறையாமல் நின்று, பஞ்சு பிரிவது போல அகன்று, மெல்லிய மேகமாகவே மாறிவிடும். வானமோ ஒன்றே, விமானங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவ்வாறிருக்க இந்த வேற்றுமை எதனால் உண்டாகிறது? இக்கோடுகள் பூமியை வெப்பமடையச் செய்கின்றன என்று கூறப்படுவது எவ்வளவு தூரம் உண்மை? இவ்விரு வினாக்களுக்கும் திருப்பதி, சித்தூர்ப் பகுதியின் வானத்தைக் கொண்டே விடை காண முயல்வோம்.

இப்பகுதியின் கிராமங்களில் சிறுவர் இக்கோட்டைக் கண்டு "ராக்கெட் போகிறது" என்று கூவுவதுண்டு. அவ்வாறு எண்ணுவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஸ்ரீஹரிக்கோட்டா ஏவுதளம் திருப்பதிக்குக் கிழக்கே, நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்திலேயே உள்ளது. ஆயினும் இரண்டையும் பிரித்தறிவது எளிது. ராக்கெட்டின் தடம் கீழ்வானிலிருந்து செங்குத்தாக எழுந்து, வெவ்வேறு உயரங்களில் வீசும் வெவ்வேறு காற்றுகளால் சில நிமிடங்களில் கோணல்மாணலாக முறுக்கிக்கொள்ளும். விமானத்தின் தடம் ஒரே உயரத்தில் கிடையாக நீண்டிருப்பதால் நெடுநேரம் நேர்கோடாகவே நகரும். தமிழில் இதனைப் புகை என்று வழங்குவதும் பொருத்தமன்று. நாம் காண்பது புகையன்று. பனிக்கட்டித் துகள்களின் வரிசையே ஆகும். ஆகவே இக்கட்டுரையில் இதனை வெண்தடம் என்றே குறிப்பிடுவோம்.

விமானத்தில் எரிக்கப்படும் மண்ணெண்ணெய் ஒரு கிலோகிராம் எரியும்போது, அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி ஏறத்தாழ ஒன்றேகால் கிலோகிராம் நீராவியை உண்டாக்குகிறது. எரிபொருளைக் காட்டிலும் அதிலிருந்து பிறக்கும் நீரின் எடை கூடுதல் என்பது முதலில் வியப்பளிக்கலாம். ஆனால் அந்த எடையின் பெரும்பகுதி பிராணவாயுவினுடையது. இந்நீராவி இயந்திரத்திலிருந்து வெளிவரும்போது பல நூறு டிகிரி உஷ்ணத்துடன் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெளியே உள்ள கடுங்குளிர்க் காற்றுடன் கலக்கத் தொடங்கியபின்னரே கதை ஆரம்பமாகிறது.

மார்கழி விடியலில் திருமலையில் நிற்போர் தம் மூச்சு வெண்மையாக வெளிப்படுவதைக் காண்பர். கோடையில் அதே மூச்சு கண்ணுக்குப் புலனாவதில்லை. மூச்சில் உள்ள ஈரம் இரு பருவங்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனுடன் கலக்கும் வெளிக்காற்றின் குளிரே வேறு. குளிர்ந்த காற்று மிகக் குறைவான நீராவியையே தாங்கும் என்பதும், உஷ்ணம் குறையக் குறைய அந்தத் தாங்கும் சக்தி மிக விரைவாகச் சரிகிறது என்பதும் இதன் அடிப்படை. 30 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் இடம் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். உறைநிலைக்குக் கீழ் 40 டிகிரியில் அதே இடம் தாங்குவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உறைநிலைக்குக் கீழ் 53 டிகிரியிலோ ஒரு கிராமில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவே. இயந்திரத்தின் வெந்நீராவி இத்தகைய காற்றுடன் கலந்து குளிரும் வழியில், கலவையின் ஈரம் அந்த உஷ்ணநிலையில் தாங்கக்கூடிய அளவைக் கணப்பொழுதேனும் மிஞ்சுமானால் நீர்த்துளிகள் உருவாகும். மிஞ்சாவிடில் ஒன்றும் தோன்றாது.

துளிகள் உருவாவதற்குப் பற்றுக்கோடும் தேவை. அதனை இயந்திரமே தாராளமாக அளிக்கிறது. ஒரு கிலோகிராம் எரிபொருளிலிருந்து நூறு இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய கரித்துகள்கள் வெளிவருகின்றன. நீராவி இவற்றின்மீது முதலில் துளியாகப் படிந்து, கடுங்குளிரால் உடனடியாக உறைந்து பனிக்கட்டியாகிறது. இயந்திரத்தின் வாயிலிலிருந்து சற்றுத் தொலைவு வரை கோடு தென்படாமல், அதன் பின்னரே வெண்மை தொடங்குவதை உற்று நோக்குவோர் கண்டிருக்கலாம். கலந்து, குளிர்ந்து, துளியாகி, உறைவதற்குத் தேவைப்படும் ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே அந்த இடைவெளி.

எந்த உஷ்ணநிலைக்குக் கீழே வெண்தடம் உண்டாகும் என்பதை 1941ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஷ்மிட் கணக்கிட்டார். 1953ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த ஆப்பிள்மன் அதனை விமானிகளுக்குப் பயன்படும் வரைபடமாக ஆக்கினார். யுத்த காலத்தில் இது வெறும் விஞ்ஞான ஆர்வமாக இருக்கவில்லை. வானில் கோடு விட்டுச் செல்லும் விமானம் தன் இருப்பிடத்தைத் தானே பகைவருக்கு அறிவித்துவிடும் அன்றோ! இவ்விருவரின் கணக்குக்குத் தேவைப்படும் விவரங்கள் நான்கே: அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம், அதன் உஷ்ணநிலை, அதன் ஈரப்பதம், எரிபொருளின் சக்தியில் எவ்வளவு பங்கை இயந்திரம் விமானத்தை உந்துவதற்குப் பயன்படுத்துகிறது என்பது.

இக்கணக்கைத் திருப்பதி வானத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். அதற்கு வேண்டிய விவரங்களைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே காதங்கி என்னும் சிற்றூரில் விண்வெளித் துறையைச் சேர்ந்த தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள பெரிய ராடார், 1024 உலோக ஏரியல்களை 130 மீட்டர்ச் சதுர நிலத்தில் நட்டுவைத்தாற்போலக் காட்சியளிக்கும். வயலில் நாற்று நட்ட வரிசையை நினைவூட்டும் இவ்வமைப்பு, மேலே வீசும் காற்றுகளை அளந்து வருகிறது. உஷ்ணநிலையையும் ஈரப்பதத்தையும் அறிவதற்கு மாலை ஐந்தரை மணியை ஒட்டி அங்கிருந்து கருவி தாங்கிய பலூன் மேலே அனுப்பப்படுகிறது. சென்னை மீனம்பாக்கத்தில் வானிலைத் துறையினரும் இத்தகைய பலூன்களை அனுப்பி வருகின்றனர்.

அயனமண்டலத்தைச் சேர்ந்த இவ்வானத்தின் தனிச்சிறப்பு, அதன் கீழ் அடுக்கு மிக உயரம் வரை நீண்டிருப்பது. ஐரோப்பாவில் தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் குளிர்ந்துகொண்டே போகும் காற்று, ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் குளிர்ச்சியை நிறுத்திவிடும். காதங்கிக்கு மேலே அது 17 கிலோமீட்டர் வரை தொடர்ந்து குளிர்ந்து, உறைநிலைக்குக் கீழ் 80 டிகிரியை எட்டுகிறது. இதனால் நம் வானமே அதிகக் குளிருடையது என்று முடிவு கட்டிவிடலாகாது. அந்த உச்சக் குளிர் விமானங்கள் எட்டாத உயரத்தில் உள்ளது. விமானங்கள் பறக்கும் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் நம் வானம் ஐரோப்பிய வானத்தைவிட வெதுவெதுப்பானது. உறைநிலைக்குக் கீழ் 42 டிகிரியை வெதுவெதுப்பு என்பது நகைப்புக்கு இடமாகலாம். ஆயினும் வெண்தடத்தைப் பொறுத்தமட்டில் அதுவே உண்மை.

இங்கு ஒரு சாதாரண மாலையை எடுத்துக்கொள்வோம். கீழே தரப்படும் உஷ்ணநிலைகள் இப்பகுதிக்கு இயல்பான அளவுகள். கிழக்கு நோக்கிச் செல்லும் விமானங்களுக்கு 33, 35, 37, 39 ஆயிரம் அடி என ஒற்றைப்படை உயரங்களும், மேற்கு நோக்கிச் செல்பவற்றுக்கு 34, 36, 38, 40 ஆயிரம் அடி என இரட்டைப்படை உயரங்களும் ஒதுக்கப்படுவது விதி. முதலாவதாக, 34,000 அடியில் மேற்கே செல்லும் விமானத்தைக் கவனிப்போம். அங்கே காற்றழுத்தம் 250 மில்லிபார். உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழ் 42 டிகிரி. நவீன இயந்திரம் ஒன்றுக்கு ஷ்மிட்டின் கணக்கின்படி, காற்று ஈரத்தால் முழுமையாக நிரம்பியிருந்தால் உறைநிலைக்குக் கீழ் 41 டிகிரியில் தடம் தோன்றும். காற்று முற்றிலும் வறண்டிருந்தாலோ உறைநிலைக்குக் கீழ் 50 டிகிரிக்கும் சற்றுக் கூடுதலான குளிர் வேண்டும். அன்றைய காற்று 42 டிகிரியில் நிற்பதால், ஏறத்தாழ முழு ஈரம் இருந்தாலன்றித் தடம் தோன்றாது. மேகமற்ற மாலையில் அத்தகைய ஈரம் இராது. எனவே அவ்விமானம் கோடின்றிக் கடந்துவிடும்.

அடுத்து, 39,000 அடியில் கிழக்கே செல்லும் விமானம் வருகிறது. முன்னதைவிட ஒன்றரை கிலோமீட்டரே உயரம். ஆனால் அங்கே அழுத்தம் 200 மில்லிபாருக்குச் சற்றுக் குறைவு. உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழ் 53 அல்லது 54 டிகிரி. முழு வறட்சியிலும்கூடத் தடம் தோன்றுவதற்கு அவ்வுயரத்தில் தேவையான குளிர் ஏறத்தாழ 52½ டிகிரிதான். ஆகவே காற்றில் ஈரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்விமானம் கோடு விட்டே தீரும். இவ்விரண்டுக்கும் இடையே 36,000 அடியில் செல்வது, ஊசலாடும் நிலையில் உள்ளது. அங்கு உஷ்ணநிலை உறைநிலைக்குக் கீழ் 46 அல்லது 47 டிகிரி. காற்றின் ஈரப்பதம் 85 சதவிகிதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் தடம் உண்டு. 50 சதவிகிதமாக இருந்தால் இல்லை. திருப்பதி வானில் ஒரு விமானம் கோடு விடுவதும் மற்றொன்று விடாததும் பெரும்பாலும் இந்த நாலாயிரம், ஐயாயிரம் அடி வேற்றுமையால் விளைவதே. கீழே நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அவ்வேற்றுமை புலப்படாது. இப்போது விமானங்கள் தம் உயரத்தைத் தாமே வானொலி மூலம் அறிவித்துக்கொண்டு செல்வதால், கைபேசியிலேயே அவ்வுயரத்தைப் பார்த்து இக்கணக்கைச் சோதித்துக்கொள்ளலாம்.

இதிலிருந்து மற்றொரு செய்தியும் தெளிவாகும். சென்னையிலிருந்து புறப்பட்டு வடமேற்கே செல்லும் விமானங்கள் திருப்பதியை நெருங்கும்போது பல சமயம் இன்னும் உயர்ந்துகொண்டே இருக்கும். ரேணிகுண்டா நிலையத்தில் இறங்கவிருப்பவையோ வெகுவாகத் தாழ்ந்துவிட்டிருக்கும். இவை கோடு விடுவதில்லை. கோடு விடுபவை பெரும்பாலும் இங்கு நிற்காமல் தென்னிந்தியாவைக் குறுக்கே கடப்பவை. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூர், மலேசியா முதலியவற்றுக்கும் இடையே செல்பவை இவற்றில் அடங்கும். ஐரோப்பிய வானில் நிலைமை வேறு. குளிர்காலத்தில் அங்கே 34,000 அடியிலேயே உறைநிலைக்குக் கீழ் 55 டிகிரி நிலவுவது சாதாரணம். ஆகவே திருப்பதிக்கு மேல் தடமின்றிச் செல்லும் அதே உயரத்தில் அங்கு விமானந்தோறும் கோடு தோன்றும்.

இயந்திரத்தின் திறமை பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். எரிபொருளின் சக்தியை அதிகமாக உந்துதலாக மாற்றும் இயந்திரத்திலிருந்து வெளிவரும் வாயுவில் உஷ்ணம் குறைவாக இருக்கும், ஈரமோ குறைவதில்லை. உஷ்ணம் குறைந்தால் கலவை விரைவில் செறிவடையும். ஆகவே திறமை மிகுந்த புதிய விமானம், பழையதைவிடச் சற்று வெதுவெதுப்பான காற்றிலும் கோடு விடும். ஜெர்மானிய விஞ்ஞானிகள் இதனை நேரிலேயே சோதித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பழைய போயிங் 707 விமானமும் புதிய ஏர்பஸ் 340 விமானமும் அருகருகே பறக்கவிடப்பட்டன. குறிப்பிட்ட உயரத்தில் புதியது கோடு விட்டது, பழையது விடவில்லை. எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் முன்னேற்றம் இவ்வகையில் ஒரு சிறு எதிர்விளைவை உடன் கொண்டு வருகிறது.

இதுவரை கூறியது தடம் தோன்றுவது பற்றியது. அது நிலைத்து நிற்குமா என்பது வேறு வினா. வெப்பமடைதலைப் பொறுத்தவரை இதுவே முக்கியமானது. தோன்றிய பனித்துகள்கள், சுற்றிலும் உள்ள காற்று வறண்டிருந்தால் ஒன்றிரண்டு நிமிடங்களில் ஆவியாகி மறைந்துவிடும். காற்று பனிக்கட்டியைப் பொறுத்தமட்டில் செறிவு மிஞ்சியதாக இருந்தாலோ அவை மறையா, மேலும் வளரும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கடுங்குளிரில் பனிக்கட்டி நீர்த்துளியைவிட எளிதில் நீராவியைப் பற்றிக்கொள்கிறது. உறைநிலைக்குக் கீழ் 53 டிகிரியில், நீரைக் கொண்டு அளக்கும்போது வெறும் 60 சதவிகித ஈரமுள்ள காற்று, பனிக்கட்டியைக் கொண்டு அளந்தால் முழுச்செறிவு பெற்றதாகும். பலூன் கருவிகள் வழக்கப்படி நீரைக் கொண்டே கணக்குத் தருவதால், அறிக்கையில் 66 சதவிகிதம் என்று காண்பவர் அக்காற்றை வறண்டது என்று எண்ணிவிடக்கூடும். உண்மையில் அது பனிக்கட்டிக்குத் தேவையானதைவிடப் பத்து சதவிகிதம் கூடுதலான ஈரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதைப் படிய வைக்கத் துகள்கள் இல்லாமையால் தெளிந்த வானமாகத் தோற்றமளிக்கிறது, அவ்வளவே.

அத்தகைய காற்றில் விமானம் புகுந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஓர் உத்தேசக் கணக்கு இதோ. நடுத்தர அளவுள்ள பயணி விமானம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 கிலோகிராம் எரிபொருளைச் செலவிடுகிறது. அதிலிருந்து நாலு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவான நீர் வெளிவருகிறது. சில மணி நேரத்தில் அத்தடம் ஒரு கிலோமீட்டர் அகலமும் 300 மீட்டர் ஆழமும் கொண்டதாகப் பரவிவிட்டதென்று கொள்வோம். அந்த இடத்திலுள்ள மிகை ஈரம் முழுவதும் பனிக்கட்டியாகப் படிந்தால், ஒரு கிலோமீட்டர் நீளத்தில் 700 அல்லது 800 கிலோகிராம் பனிக்கட்டி சேரும். விமானம் அளித்தது நாலு கிலோ. காற்று அளித்தது அதுபோல் ஏறத்தாழ இருநூறு மடங்கு. பாலில் உறைமோர் இட்டாற்போல விமானம் தொடக்கத்தை மட்டும் செய்கிறது. ஆகவே நிலைத்த தடத்தின் பருமன், விமானம் கக்கிய ஈரத்தைச் சார்ந்ததன்று.

இத்தகைய செறிவு மிஞ்சிய அடுக்குகள் பக்கவாட்டில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்திருந்தாலும், தடிப்பில் பல சமயம் சில நூறு மீட்டரே இருக்கும். நம் பகுதியில் இவற்றின் வரவு பருவங்களைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவகாலத்தில் இடிமேகங்களின் உச்சியிலிருந்து பரவும் ஈரம் மேல்வானை நிரப்புகிறது. அப்போது மிக உயரத்தில் வீசும் கீழைக் காற்றின் பெருவேக ஓட்டம் அதனை மேற்கு நோக்கி இழுத்துச் செல்கிறது. ஆண்டின் முற்பகுதியில் வறண்ட நாட்களில் காணும் கோடுகள் பெரும்பாலும் குறுகியவை, தோன்றியவுடன் மறைபவை. பார்த்தவுடன் காற்றின் நிலையைச் சொல்ல இதுவே எளிய வழி: குறுகிய வால் என்றால் குளிர்ந்து வறண்ட காற்று, அடிவானம் வரை நீண்டு அகலும் கோடு என்றால் குளிர்ந்து ஈரம் மிஞ்சிய காற்று. கோடே இல்லையெனில் விமானம் தாழப் பறக்கிறது, அல்லது காற்று போதிய குளிருடன் இல்லை.

இனி வெப்பத்தின் கணக்குக்கு வருவோம். மெல்லிய பனிமேகம் இரு எதிரெதிர்ச் செயல்களை ஒருங்கே புரிகிறது. பகலில் சூரிய கிரணங்களில் ஒரு பகுதியை மேலே திருப்பி அனுப்புவதால் பூமியைக் குளிர்விக்கிறது. பகலிலும் இரவிலும் பூமியிலிருந்து எழும் வெப்பக் கதிர்களை வாங்கி, அவற்றில் குறைந்த பங்கையே மேலே விடுவதால் வெப்பத்தைத் தேக்கிவைக்கிறது. 30 டிகிரி உஷ்ணமுள்ள தரை, ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 480 வாட் வெப்பத்தை வீசுகிறது. இடையிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் தடுத்தது போக மேலே தப்பிச் செல்வது, அயனமண்டலத்தின் தெளிந்த வானில் 290 வாட் அளவினது. உறைநிலைக்குக் கீழ் 53 டிகிரியில் உள்ள தடித்த மேகம் வீசுவதோ 133 வாட்டே. கீழிருந்து வருவதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் தடுக்கும் மெல்லிய தடமாயினும், அது பரவியுள்ள இடத்தில் சதுர மீட்டருக்குப் பதினைந்து வாட் வெப்பம் தேங்கும். தரை எவ்வளவு சூடாகவும், தடம் எவ்வளவு குளிராகவும் உள்ளதோ அவ்வளவுக்கு இந்தத் தேக்கம் மிகும். சித்தூர்ப் பகுதியின் வெப்பமான பாறை நிலம் இதற்கு ஏற்ற களம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பகலில் இதே தடம் திருப்பியனுப்பும் சூரிய ஒளியும் பத்து, இருபது வாட் அளவில் இருக்கக்கூடும். எது மிகும் என்பது சூரியனின் உயரம், பனிப்படிகங்களின் பருமன், வடிவம், கீழே உள்ள பரப்பின் நிறம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். கருமையான கடலுக்கு மேலுள்ள தடம் பகலில் குளிர்விப்பதாகவே முடியலாம். கீழே ஏற்கெனவே வெண்மேகம் பரந்திருந்தால் தடத்தின் பிரதிபலிப்பு புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை. தேக்கம் மட்டும் எஞ்சும். இரவிலோ வாதத்துக்கே இடமில்லை. சூரியன் இல்லாதபோது திருப்பியனுப்ப ஒளி இல்லை. தேக்கம் ஒன்றே உண்டு. வளைகுடாவிற்கும் கிழக்காசியாவிற்கும் இடையே தென்னிந்தியாவைக் கடக்கும் விமானங்களில் கணிசமானவை நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே செல்பவை என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். நாம் மாலையில் அண்ணாந்து பார்த்து எண்ணும் கோடுகளைவிட, உறங்கும்போது தலைக்கு மேல் செல்லும் கோடுகள் வெப்பத்தின் கணக்கில் முக்கியமானவை.

உலகம் முழுவதற்குமான மதிப்பீடு ஒன்று 2021ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2018ஆம் ஆண்டு நிலவரப்படி வெண்தடங்களும் அவற்றிலிருந்து பரவிய மேகங்களும் சதுர மீட்டருக்குச் சராசரியாக 57 மில்லிவாட் வெப்பத்தைக் கூட்டின என்றும், விமானப் போக்குவரத்து தொடங்கிய நாள் முதல் விமானங்கள் வெளியிட்டுக் காற்றில் எஞ்சியுள்ள கரியமில வாயு 34 மில்லிவாட்டைக் கூட்டிற்று என்றும் அது கூறுகிறது. இவ்விரு எண்களையும் மட்டும் பார்த்துத் தடமே பெரிய குற்றவாளி என்று முடிவு செய்பவர், முதல் எண்ணுடன் தரப்பட்டுள்ள எல்லையையும் படிக்க வேண்டும். அது 17 முதல் 98 மில்லிவாட் வரை எங்கும் இருக்கலாம். மேலும் தடம் சில மணி நேரத்தில் கலைந்துவிடும். கரியமில வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். தடங்கள் மொத்தத்தில் வெப்பமடையச் செய்கின்றன என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே பெரும்பாலும் உடன்பாடு உண்டு. எவ்வளவு என்பதிலேயே இன்னும் வாதம் நடைபெறுகிறது.

நம் பகுதியில் அக்கணக்கை இன்னும் சிக்கலாக்குவது, இயற்கையான பனிமேகம். காதங்கியில் பச்சை நிற லேசர் ஒளியை இரவில் மேலே செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு மெல்லிய மேகங்களை அளக்கும் கருவி 1998ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்துள்ளது. கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய பனிமேகங்கள் இவ்வானில் அடிக்கடி பரந்திருப்பதை அது காட்டிற்று. அவற்றில் பெரும்பாலானவை 12 முதல் 16 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது விமானங்களுக்கும் மேலே உள்ளன. மேலே ஏற்கெனவே ஒரு போர்வை இருக்கையில் அதன் கீழே விரிக்கப்படும் மற்றொரு மெல்லிய போர்வை தேக்கும் வெப்பம் குறைவே. ஆகவே ஐரோப்பிய வானுக்குக் கண்ட எண்ணை அப்படியே எடுத்து நம் வானுக்குச் சூட்டுவது பிழை. இங்கே தடம் தோன்றும் உயரம் அதிகம், தோன்றும் வாய்ப்பு குறைவு, மேலே போர்வை உண்டு. ஆனால் கீழே தரையின் வெப்பமும் அதிகம்.

தடத்தைத் தவிர்க்க விமானத்தைச் சற்றுத் தாழ்த்தலாமே என்று கேட்கத் தோன்றும். 2023ஆம் ஆண்டில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனமும் கூகுள் நிறுவனமும் 70 பயணங்களில் இதைச் சோதித்தன. முன்கூட்டியே கணித்த ஈர அடுக்குகளைத் தவிர்த்துப் பறந்ததில் தடங்களின் நீளம் 54 சதவிகிதம் குறைந்தது. தவிர்த்துச் சென்ற பயணங்களில் எரிபொருள் 2 சதவிகிதம் கூடிற்று. ஐரோப்பாவில் அடுக்கைத் தப்ப மேலேயும் செல்லலாம். அங்கே மேலடுக்கு வறண்டது. திருப்பதிக்கு மேல் அவ்வழி உதவாது; மேலே செல்லச் செல்லக் குளிர் மிகும். கீழே இறங்குவதே வழி. 39,000 அடியிலிருந்து 35,000 அடிக்கு இறங்கினால் பெரும்பாலான நாட்களில் தடமே தோன்றாது என்பதை மேலே கண்டோம்.

அதன் விலை என்ன? ஆந்திரத்தின் தென்பகுதியைக் கடக்க 300 கிலோமீட்டர் தூரம் தாழப் பறப்பதாகவும், அத்தூரத்தில் எரிபொருள் 2 சதவிகிதம் கூடுவதாகவும் கொண்டால், கூடுதல் செலவு 18 கிலோகிராம். அதிலிருந்து பிறக்கும் கரியமில வாயு ஏறத்தாழ 57 கிலோகிராம். நிலைத்திருக்கக்கூடிய ஒரு நள்ளிரவுத் தடத்தைத் தவிர்க்க இது சிறு விலையே. ஐந்து நிமிடத்தில் மறைந்துவிடும் தடத்துக்காகவோ, பகலில் குளிர்வித்திருக்கக்கூடிய தடத்துக்காகவோ இதனைச் செலவிட்டால் அது முழு நஷ்டம். ஆகவே எல்லா விமானங்களையும் தாழ்த்துவதில் பொருளில்லை. 2024ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் உலகில் பறந்த விமானப் பயணங்களில் 2 சதவிகிதமே தடங்களால் விளைந்த வெப்பத்தில் 80 சதவிகிதத்துக்குக் காரணமாயின. அந்த இரண்டை முன்னதாக அடையாளம் காண்பதே கடினமான பகுதி.

அக்கடினம் உஷ்ணநிலையால் வருவதன்று. உஷ்ணநிலையை இன்று ஒரு டிகிரிக்குள் துல்லியமாக முன்னறிய முடிகிறது. ஈரப்பதமே பிடிகொடுப்பதில்லை. பலூனில் செல்லும் ஈரமானி உறைநிலைக்குக் கீழ் 50 டிகிரியில் மிக மந்தமாகவே மாறுதலை உணரும். விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் உயரும் பலூன், 300 மீட்டர் தடிப்புள்ள ஈர அடுக்கை ஒரு நிமிடத்தில் கடந்துவிடுவதால், கருவி விழித்துக்கொள்வதற்குள் அடுக்கு கீழே போய்விடும். அறிக்கையில் காற்று உண்மையைவிட வறண்டதாகப் பதிவாகும். நீண்ட கோடு ஒன்று அடிவானம் வரை அகன்று நிற்கும் மாலையிலேயே, அவ்வுயரத்தின் ஈரப்பதம் செறிவுக்குக் கீழ் உள்ளதாகப் பலூன் கூறுமானால், நம்ப வேண்டியது கோட்டையே. அதனால்தான் பயணி விமானங்களிலேயே விரைந்து செயற்படும் ஈரமானிகளைப் பொருத்தி அளவெடுக்கும் முயற்சிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடைபெறுகின்றன; தென்னிந்தியாவைக் கடக்கும் விமானங்களும் அதே முறையில் 36,000 அடிக்கும் 40,000 அடிக்கும் இடையிலுள்ள ஈரத்தை அளந்து அனுப்பினால், மேலே கண்ட கணக்கில் இன்று உத்தேசமாக நிற்கும் எண் அதுவாகவே இருக்கும்.